ஆயிரம் பேருக்கு அன்னதானம்: ஆள் பிரிப்பதில் வரும் தவறுகள்

ஊர்க் கோவில் கும்பாபிஷேகம். ஆயிரம் பேருக்குச் சாப்பாடு, உதவிக்கு வந்தவர்கள் 40 பேர். 12 மணிக்கு முதல் பந்தி, பந்திக்கு 200 பேர் என்று ஐந்து பந்தி. 40 பேர் தாராளமாகப் போதும். ஆனால் காலையிலேயே "நீங்க வெட்டு, நீங்க சமையல், நீங்க பரிமாறு" என்று நாள் முழுவதற்கும் சேர்த்துப் பிரித்துவிட்டால் அந்த 40 பேரும் போதாமல் போய்விடுவார்கள். காய் வெட்டும் வேலை 8 மணிக்கே முடிந்துவிடும், பரிமாறும் வேலை 12 மணிக்குத்தான் தொடங்கும். வெட்டியவர்கள் வீட்டுக்குப் போய்விட, மதியம் பந்தியில் ஆளுக்குத் தட்டுப்பாடு வரும். ஆகவே வெட்டும் 12 பேரையும் காலையிலேயே பரிமாறும் வரிசைக்கும் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். இடையில் அவர்கள் குளித்து, டிபன் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து 11 மணிக்கு வந்தால் சரியாக இருக்கும்.

வெட்டும் இடத்தில் பெரும்பாலும் கண்ணில் படுகிற காயை முதலில் எடுக்கிறார்கள். அடுப்பில் எது முதலில் ஏறும் என்று பார்த்துத்தான் வெட்ட வேண்டும். சாம்பாருக்குப் போகும் பூசணியும் முருங்கையும் முதலில். கத்தரியும் வாழைக்காயும் வெட்டியதும் கறுக்கும், அதனால் கடைசியில், அதுவும் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். சின்ன வெங்காயத்தை முந்தைய இரவே உரித்துவிடலாம். எந்தக் காய்க்கு எத்தனை கை என்பதிலும் கவனம் வேண்டும். பூசணியைப் பழகியவர் ஒருவர் மடமடவென்று தள்ளிவிடுவார். பீன்ஸ் அப்படியல்ல, நாரெடுத்துப் பொடியாக நறுக்க ஒருவருக்கு மணிக்கு சுமார் 3 கிலோதான் ஆகும். பொரியலுக்கு 40 கிலோ என்றால் எட்டுப் பேருக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். மீதி நான்கு பேர் மற்ற காய்களைப் பார்க்கலாம்.

இன்னொன்று: தொடங்கும்போதே தலைமைச் சமையல்காரர் தன் கையால் ஒரு துண்டு வெட்டி, தட்டில் வைத்து, நடுவில் வைத்துவிட வேண்டும். எல்லோரும் அதைப் பார்த்து வெட்டினால் பொரியலில் பாதி குழைந்தும் பாதி வேகாமலும் கிடக்காது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாகப் படுவது, சமையலுக்கும் பந்திக்கும் நடுவில் யாரையும் நிறுத்தாதது. பரிமாறுபவரே வாளியோடு அடுப்படிக்கு ஓடி வந்து "அண்ணே, சாம்பார்!" என்பார். சமையல்காரர் தாளிப்பதை விட்டுவிட்டு அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றுவார். அங்கே அப்பளம் கருகும், இங்கே கஞ்சி வடித்த ஈரத் தரையில் கொதிக்கும் சாம்பாரோடு ஒருவர் வழுக்குவார். அடுப்படிக்கு வெளியே இரண்டு மேசை போட்டு மூன்று பேரை நிறுத்துங்கள். உள்ளிருந்து வாங்குவதும் வாளி நிரப்புவதும் இவர்கள் வேலை. முக்கால் வாளிக்கு மேல் ஊற்றக் கூடாது. காலி வாளி ஒரு பக்கம் வரட்டும், நிறைந்த வாளி மறுபக்கம் போகட்டும்.

இந்த மூவரில் ஒருவர் சோற்றுக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆயிரம் பேருக்கு 125 கிலோ அரிசி என்றால் பந்திக்கு 25 கிலோ, அதாவது ஒரு சிப்பம். மொத்தத்தையும் முன்கூட்டியே வடித்து வைத்தால் நான்காம் பந்திக்கு ஆறிக் கட்டியான சோறுதான் கிடைக்கும், வெயில் காலத்தில் கெட்டும் போகும். ஒரு பந்தி முடிந்து இலை எடுத்துத் துடைக்க 35 நிமிடம் ஆகிறது என்றால், முதல் பந்தி உட்காரும்போது மூன்றாம் பந்திக்கான அரிசி உலையில் விழ வேண்டும். அதை உள்ளே சொல்ல ஒரே ஆள்தான். நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் சமையல்காரர் யார் பேச்சைக் கேட்பார்?

பந்தியில் ஆளுக்கொரு பதார்த்தம் கொடுத்து நான்கு வரிசையிலும் ஓடவிடாதீர்கள். ஒரு வரிசைக்கு 50 இலை, நான்கு பேர். சோற்றுக்கு இரண்டு பேர், சாம்பார் ரசத்துக்கு ஒருவர், மறுபடி கேட்கும் காய்கறிக்கு ஒருவர். உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு எல்லாம் ஆட்கள் உட்காரும் முன்பே இலையில் இருக்கட்டும். சோறு வரிசைக் கடைசி வரை போகட்டும் என்று சாம்பார் வாளிக்காரர் காத்து நிற்கவும் வேண்டாம், பத்து இலை தாண்டியதும் பின்னாலேயே கிளம்பிவிடலாம். தண்ணீருக்கு இரண்டு பேர், இலை எடுத்துத் துடைக்க நான்கு பேர். இலை எடுப்பவரைப் பாதியில் பரிமாறக் கூப்பிடக் கூடாது. கை கழுவாமல் அப்படியே வந்து அன்னக்கூடையைத் தொடுவது இப்படித்தான் நடக்கிறது.

கடைசியாக, வேலை செய்யும் 40 பேருக்கான சாப்பாட்டை நான்காம் பந்தி தொடங்கும் முன்பே தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடி வையுங்கள். கடைசிப் பந்தியில் எதிர்பாராமல் ஐம்பது பேர் கூடுதலாக உட்கார்ந்தால், அப்புறம் அடுப்படியில் மிஞ்சுவது ரசம் மட்டும்தான்.