சம்பள உயர்வில் பாதி: ஓய்வு பெறும் நாளில் நான் சொன்னது

பிரிவு உபசார விழாவில் ஏதாவது பேசச் சொன்னார்கள். இளைய தோழர்களிடம் ஒரே விஷயம்தான் சொன்னேன்.

சம்பளம் கூடும்போது, கூடிய தொகையில் பாதியை அந்த மாதமே சேமிப்புக்குத் திருப்பிவிடுங்கள். 1000 வாங்கியவருக்கு 1100 வந்தால், 50 சேமிப்புக்குப் போகட்டும். வீட்டுக்கும் 50 கூடுதலாக வருகிறது, அதனால் யாருக்கும் குறை தெரியாது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டால் புதுத் தவணை ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் இரண்டு உயர்வை நான் அப்படித்தான் இழந்தேன். மூன்றாவதில்தான் விழித்தேன்.

வங்கியில் தானாகப் பணம் மாறும்படி எழுதிக்கொடுங்கள். தேதி, சம்பளம் வரும் நாளுக்கு இரண்டு நாள் கழித்து இருக்கட்டும். அதே நாளில் வைத்தால், சம்பளம் ஒரு நாள் தாமதமானாலும் கணக்கில் பணமில்லாமல் அபராதம் விழலாம். மாதக் கடைசி வேண்டவே வேண்டாம், அப்போது மிச்சம் இருக்காது.

கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அந்தப் பாதி முதலில் அதற்குத்தான். சேமிப்பு தரும் வட்டியைவிட அது கேட்கும் வட்டி பல மடங்கு.

அப்புறம், விலைவாசியும் அதே அளவு ஏறியிருந்தால் பாதி தாங்காது. மூன்று மாதம் பாருங்கள். சேமித்ததை மாதம் முடியுமுன் திரும்ப எடுக்கிறீர்கள் என்றால் தொகை அதிகம். அதை உயர்வில் கால் பங்காகக் குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.