எண்ணெய் வாங்கும்போது 100 கிராம் கணக்கு

கனடாவுக்கு வந்த புதிதில் எண்ணெய்த் தட்டுக்கு முன்னால் நின்றால் குழப்பமாகத்தான் இருக்கும். ஊரில் ஒரு லீற்றர், அரை லீற்றர் என்று பழகிய கண்ணுக்கு இங்கே 946 மில்லிலீற்றர், 1.42 லீற்றர், 3 லீற்றர் என்று போத்தல்கள் தெரியும். 946 என்பது அமெரிக்கக் குவார்ட் அளவு, வேறொன்றுமில்லை. போத்தலின் உயரத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதில் அச்சடித்திருக்கும் அளவை மட்டும் பாருங்கள்.

எது மலிவு என்று பார்க்க 100 மில்லியின் விலை தெரிய வேண்டும். கணக்கு இதுதான்: மில்லிலீற்றர் அளவை நூறால் வகுத்து, வரும் எண்ணால் விலையை வகுக்க வேண்டும். (இங்கே நான் சொல்லும் விலைகள் எல்லாம் கணக்குக்காக எடுத்தவை.) 946 மில்லி கனோலா எண்ணெய் 5.49 டொலர் என்றால், 5.49 ஐ 9.46 ஆல் வகுக்க 100 மில்லி 58 சதம். 3 லீற்றர் 14.99 டொலர் என்றால், 30 ஆல் வகுக்க 50 சதம். பெரியது மலிவு. அடுத்த வாரம் சின்னப் போத்தல் 3.99 க்குத் தள்ளுபடியில் வந்தால் 100 மில்லி 42 சதமாகிவிடும், அப்போது சின்னதுதான் மலிவு. சமையல் எண்ணெய்க்கு இங்கே விற்பனை வரி இல்லை, ஆகவே தட்டில் ஒட்டியிருக்கும் விலையையே அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய கடைகளில் விலைச்சீட்டின் மூலையில் இந்தக் கணக்கைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். கியூபெக்கைத் தவிர மற்ற மாகாணங்களில் அதைப் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. பல தமிழ்க்கடைகளில் அது இருக்கவே இருக்காது, கைபேசியை எடுக்க வேண்டியதுதான். இருக்கும் கடையிலும் ஒன்றைக் கவனியுங்கள்: மேலே தள்ளுபடிச் சீட்டு தொங்கும், அடியில் இருக்கும் சின்ன எழுத்து பழைய விலைக்குரியதாக இருக்கலாம்.

உண்மையான சிக்கல் தேங்காய் எண்ணெயில் வருகிறது. சிலர் அதை மில்லிலீற்றரில் அடைக்கிறார்கள், சிலர் கிராமில். ஒரு லீற்றர் போத்தல் 13.99 டொலர், சீட்டில் 100 மில்லி 1.40 என்று இருக்கும். பக்கத்தில் 450 கிராம் போத்தல் 6.59 டொலர், அதில் 100 கிராம் 1.46 என்று இருக்கும். பெரியதுதான் மலிவு என்று கை தானாகப் போகும். ஆனால் எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது, 100 மில்லி எண்ணெய் கிட்டத்தட்ட 92 கிராம்தான். அப்படியானால் அந்த ஒரு லீற்றரில் இருப்பது 920 கிராம். 13.99 ஐ 9.2 ஆல் வகுத்தால் 100 கிராம் 1.52 டொலர். சின்னப் போத்தல்தான் ஆறு சதம் மலிவு.

கடையில் நின்று இதையெல்லாம் வகுக்கத் தேவையில்லை. 100 மில்லி விலையோடு ஒவ்வொரு டொலருக்கும் ஒன்பது சதம் கூட்டினால் 100 கிராம் விலை ஏறக்குறைய வந்துவிடும். 1.40 உடன் பன்னிரண்டு, பதின்மூன்று சதம் சேர்த்துப் பாருங்கள், அதே 1.52 பக்கம் வந்து நிற்கும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதுவே போதும், அடர்த்தியில் பெரிய வித்தியாசமில்லை. இந்தியாவிலிருந்து வரும் பல பொதிகளில் ‘1 லீற்றர், 910 கிராம்’ என்று இரண்டையும் அச்சடித்திருப்பார்கள். அப்படி இருந்தால் அந்தக் கிராமையே எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்து போத்தலில் கொஞ்சம் இறங்கியிருப்பது போலத் தெரியும். உறையும்போது சுருங்குவதால்தான் அப்படி, கிராமில் ஒன்றும் குறைவதில்லை.

ஒரே வகை எண்ணெயைத்தான் ஒப்பிடுகிறீர்களா என்பதையும் பாருங்கள். நல்லெண்ணெய்க்குப் பக்கத்திலேயே விளக்குக்கு ஊற்றும் எண்ணெயும் நிற்கும், 100 கிராம் கணக்கில் அது நல்ல மலிவாகத் தெரியும். சமையலுக்கு அல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கலப்பு எண்ணெயும் அப்படித்தான், முன்பக்கத்தில் எள்ளுப் படம் இருக்கும், உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது பின்பக்கத்தில் இருக்கும்.

கடைசியாக, தனி ஆளாக அறை எடுத்து இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. அந்த 3 லீற்றர் கனோலாவைத் திறந்து அடுப்புக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு வீணாய்ப் போனால் நீங்கள் பாவித்தது 2.4 லீற்றர்தான். 14.99 ஐ 24 ஆல் வகுங்கள்: 100 மில்லி 62 சதம். தள்ளுபடி எதுவும் இல்லாத 946 மில்லிப் போத்தலே 58 சதம்தான். அறையில் இரண்டு, மூன்று பேர் சேர்ந்து சமைப்பதென்றால் பெரியதை எடுங்கள், இல்லாவிட்டால் சின்னதே போதும்.