நீர்த்தல் காரணி தலைகீழான அட்டவணை: நான் சரிசெய்த விதம்

டர்பன் பக்கம் கரும்புத் தோட்டத்தை ஒட்டிய ஆழ்துளைக் கிணற்று நீரின் நைட்ரேட் அளவை நைட்ரஜனாகக் கணக்கிட்ட அட்டவணை அது. ஒரு வரியில் 0.184 மி.கி./லி. என்று இருந்தது. ஆனால் அந்த மாதிரி நீர்த்து அளக்கப்பட்டது: 5 மி.லி. எடுத்து, குடுவையில் 50 மி.லி. கோடு வரை நிரப்பியது. எங்கள் அளவீட்டு வரம்பு 0.2 முதல் 2.0 வரை. வரம்புக்கே எட்டாத நீரை யாரும் பத்து மடங்கு நீர்க்க மாட்டார்கள். அங்கேதான் சந்தேகம் வந்தது.

கருவி காட்டியது 1.84. சரியான விடை 18.4. தென்னாப்பிரிக்கக் குடிநீர் வரம்பான 11-ஐத் தாண்டிய நீர், குடிக்க நல்லதென்று போக இருந்தது!

அவசரத்தில் 0.184-ஐப் பத்தால் பெருக்கிவிடாதீர்கள், 1.84 தான் திரும்பி வரும். பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருப்பதால் பிழை 10 மடங்கல்ல, 100 மடங்கு. காரணி 20 என்றால் 400. நீர்க்காத மாதிரிகள் மட்டும் சரியாகவே நிற்கும். பிழை கண்ணில் படாததற்கு அதுவே காரணம்.

காரணியால் பெருக்கும் சூத்திரத்தில் தப்பில்லை. காரணிக் கட்டத்தில் சிலர் 10 என்றும், சிலர் 5/50 என்று எண்ணி 0.1 என்றும் எழுதியிருந்தார்கள். சூத்திரத்தைத் திருப்பியிருந்தால் நல்ல வரிகளும் கெட்டிருக்கும். ஆகவே காரணிக் கட்டத்தையே எடுத்துவிட்டு, D-இல் எடுத்த அளவு, E-இல் இறுதி அளவு என்று வைத்தேன். C கருவி காட்டியது.

```
=C2*E2/D2
```

பிறகு அதே நீரில் 2 மி.லி.யை 50 ஆக்கி அளந்தேன். 0.74 வந்தது, 25-ஆல் பெருக்க 18.5.