நுண்ணோக்கியின் உருப்பெருக்கம்: L என்பது எதிலிருந்து எதுவரை?

கூட்டு நுண்ணோக்கிக் கணக்குகளில் தொடக்க மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது குழல் நீளம் L என்ற அளவில்தான். அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் உப்புத் துகளை வைத்துக்கொண்டு, முதலில் எளிய உருப்பெருக்கியிலும் பிறகு கூட்டு நுண்ணோக்கியிலும் கணக்கிட்டுப் பார்த்தால், இந்த L எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகும்.

படி 1: வெறும் கண்ணின் கோணம்

ஒரு பொருள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை முடிவு செய்வது, அது நம் கண்ணில் தாங்கும் கோணமே. துகளைக் கண்ணுக்கு அருகே கொண்டுவர வர அந்தக் கோணம் கூடுகிறது. ஆனால் ஏறத்தாழ 25 செ.மீ.க்கும் அருகில் வந்தால் கண்ணால் அதைத் தெளிவாகக் குவிக்க முடியாது. அண்மைப்புள்ளி எனப்படும் இந்தத் தொலைவை D என்று குறிப்போம். அங்கு வைத்த துகள் தாங்கும் கோணம் 0.5/250, அதாவது 0.002 ரேடியன். இனி வரும் எல்லாக் கோணங்களையும் இதனோடுதான் ஒப்பிட வேண்டும்.

படி 2: எளிய உருப்பெருக்கி

குவியத்தொலைவு f = 5 செ.மீ. உள்ள ஒரு குவிலென்சை எடுத்து, துகளை அதன் குவியத்தில் வையுங்கள். கதிர்கள் இணையாக வெளிவருவதால் கண் தளர்ந்த நிலையிலேயே பார்க்கலாம். இப்போது கோணம் 0.5/50 = 0.01 ரேடியன், உருப்பெருக்கம் 0.01/0.002, அதாவது 5. இதுவே D/f. துகளைச் சற்று உள்ளே தள்ளி, மாய பிம்பம் 25 செ.மீ.யில் விழுமாறு செய்து, கண்ணை லென்சை ஒட்டி வைத்தால் உருப்பெருக்கம் 1 + D/f ஆகி 6 கிடைக்கும். எந்த நிலையைக் கேட்கிறார்கள் என்று பாராமல் சூத்திரத்தை எழுதுவதால்தான் பலருக்கு விடையில் ஒன்று கூடியோ குறைந்தோ போகிறது.

இதே முறையில் 100 மடங்கு வேண்டுமென்றால் f வெறும் 2.5 மி.மீ. ஆக இருக்க வேண்டும். முடியாததல்ல, 17ஆம் நூற்றாண்டில் லீவன்ஹூக் இன்னும் சிறிய ஒற்றை லென்சுகளையே பயன்படுத்தினார். ஆனால் பொருளும் கண்ணும் லென்சோடு ஏறத்தாழ ஒட்டியிருக்க வேண்டும் என்பதால் நெடுநேரம் பார்ப்பது பெரும்பாடு.

படி 3: கூட்டு நுண்ணோக்கி

கூட்டு நுண்ணோக்கி இந்த வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. பொருளருகு லென்சு துகளின் பெரிய மெய்பிம்பத்தைக் குழலுக்குள் உருவாக்குகிறது. கண்ணருகு லென்சு, படி 2இல் கண்ட அதே எளிய உருப்பெருக்கியாக நின்று, அந்தப் பிம்பத்தைக் காட்டுகிறது.

```
M = (L / fo) × (D / fe)
```

பொருளருகு லென்சின் குவியத்தொலைவு fo = 1.6 செ.மீ., கண்ணருகு லென்சின் குவியத்தொலைவு fe = 2.5 செ.மீ., L = 16 செ.மீ. என்று கொள்வோம். பொருளருகு லென்சு 10 மடங்கு பெருக்குவதால், குழலுக்குள் 5 மி.மீ. அகலப் பிம்பம் தலைகீழாக விழுகிறது. அது கண்ணருகு லென்சின் குவியத்தில், 25 மி.மீ. தொலைவில் இருப்பதால் தாங்கும் கோணம் 5/25 = 0.2 ரேடியன். முதல் கோணமான 0.002ஆல் வகுத்தால் 100.

படி 4: L ஐச் சரியாக அளத்தல்

சூத்திரத்தில் உள்ள L, பொருளருகு லென்சின் பின்குவியத்திலிருந்து மெய்பிம்பம் வரையுள்ள தொலைவு. கண் தளர்ந்திருக்கையில் அந்தப் பிம்பம் கண்ணருகு லென்சின் முன்குவியத்தில் இருப்பதால், L ஐ இரு குவியங்களுக்கு இடைப்பட்ட தொலைவு என்றும் சொல்லலாம். ஆகவே இரு லென்சுகளுக்கு இடையேயுள்ள தொலைவு 16 அன்று; 1.6 + 16 + 2.5 = 20.1 செ.மீ. இந்த 20.1 ஐயே L என்று போட்டால் உருப்பெருக்கம் ஏறத்தாழ 126 என்று தவறாக வரும்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. பிம்பத் தொலைவு fo + L = 17.6 செ.மீ. லென்சுச் சமன்பாட்டில் இதைப் பதிலிட்டால் பொருள் தொலைவு 1.76 செ.மீ. என்று கிடைக்கும். 17.6/1.76 = 10, அதாவது L/fo உடன் பொருந்துகிறது. துகள் குவியத்துக்கு வெளியே 1.6 மி.மீ. மட்டுமே தள்ளியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள்; குவியத் திருகைச் சிறிது திருப்பினாலே பிம்பம் மங்கிவிடுவது இதனால்தான்.

பழைய வகைப் பொருளருகு லென்சின் உலோக உறையில் `160/0.17` என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம். இதில் 160 என்பது மி.மீ.யில் குழலின் இயந்திர நீளம்: பொருளருகு லென்சு திருகி உட்காரும் விளிம்பிலிருந்து கண்ணருகு லென்சு அமரும் மேல்விளிம்பு வரை. நம் கணக்கின் 16 செ.மீ.யோடு எண் ஒத்துப்போனாலும் இரண்டும் ஒன்றல்ல. 0.17 என்பது மூடுகண்ணாடியின் தடிமன்.

குழலை நீட்டி L ஐ 20 செ.மீ. ஆக்கினால் உருப்பெருக்கம் 125 ஆகும் என்பது உண்மையே. ஆனால் பொருளருகு லென்சு குறிப்பிட்ட ஒரு பிம்பத் தொலைவுக்கென்றே பிழை திருத்தப்பட்டிருப்பதால் பிம்பத்தின் கூர்மை குறையக்கூடும், ஒளியும் மங்கும். புதிய விவரம் எதுவும் தெரியாது, ஏனெனில் அதை முடிவு செய்வது, லென்சு எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியைத் திரட்டுகிறது என்பதைக் காட்டும் எண்ணியல் துளையே. பொதுவாக அந்த எண்ணின் 1000 மடங்குவரைதான் உருப்பெருக்கம் பயன்படும், துளை 0.25 என்றால் எல்லை 250.

பொறிப்பில் 160க்குப் பதில் `∞` இருந்தால் மேற்கண்ட L அங்கே பொருந்தாது. அந்த வகையில் பொருளருகு லென்சிலிருந்து கதிர்கள் இணையாக வெளிவர, குழலுக்குள் இருக்கும் தனி லென்சொன்று பிம்பத்தை உருவாக்குகிறது. எனவே L இருந்த இடத்தில் அந்தக் குழல் லென்சின் குவியத்தொலைவை இட வேண்டும். நிக்கான் கருவிகளில் அது 200 மி.மீ., ஒலிம்பஸ் கருவிகளில் 180 மி.மீ. ஒன்றின் லென்சை மற்றொன்றில் மாட்டினால், உறையில் அச்சிட்ட உருப்பெருக்கம் அப்படியே கிடைக்காது.