பரிந்துரைக் கடிதம் கேட்கும் மெயில்: நன்றியை எப்போது சொல்வது?

வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கிறீர்கள், பழைய பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டும். பலர் எழுதும் மெயில் இப்படித்தான் இருக்கும்:

“வணக்கம் மேடம், இந்த மெயிலைப் படிப்பதற்கு நன்றி. எனக்கு 4 பல்கலைக்கழகங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். உங்கள் உதவிக்கு மிக்க நன்றி. முன்கூட்டியே நன்றி.”

விஷயம் ஒரு வரி, நன்றி மூன்று வரி. அதிலும் கடைசி நன்றிதான் உறுத்தும். மேடம் இன்னும் சரி என்றே சொல்லவில்லை. முடியாது என்று சொல்ல நினைத்தாலும், ஏற்கெனவே நன்றி வாங்கிக்கொண்ட சங்கடம் அவருக்கு. பள்ளி விடுப்புக் கடிதத்தின் அடியில் “நன்றி” போட்டுப் பழகிய கை நமக்கு. அங்கே அது சம்பிரதாயம், யாரும் கண்டுகொள்வதில்லை.

1. கேட்கும்போது நன்றியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் அவருடைய வேலையைக் குறைக்கும் தகவல்களை வையுங்கள்:

“வணக்கம் மேடம். இறுதியாண்டில் உங்களிடம் புராஜெக்ட் செய்தேன். எம்.எஸ். படிக்க 4 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். பரிந்துரைக் கடிதம் தர இயலுமா? நான்கில் முதலில் வரும் கடைசித் தேதி டிசம்பர் 15. புராஜெக்ட் அறிக்கையையும் ரெஸ்யூமேவையும் இணைத்திருக்கிறேன். இப்போது நேரம் இல்லையென்றால் சொல்லுங்கள் மேடம், வேறு ஒருவரைக் கேட்டுக்கொள்கிறேன்.”

கடைசி வாக்கியம் முக்கியம். மறுக்க வழி விட்டால்தான் அது வேண்டுகோள். தேதிக்கு ஒரு மாதம் முன்பே அனுப்புங்கள். மூன்று நாள் இருக்கும்போது அனுப்பினால் அந்த வாக்கியம் வெறும் ஒப்புக்குத்தான்.

2. சரி என்றால் ஒரே வரி. “நன்றி மேடம். பல்கலைக்கழகங்களிலிருந்து உங்களுக்கு லிங்க் வரும், பட்டியல் கீழே.” அவ்வளவுதான். முடியாது என்றாலும் ஒரு வரி போதும்: “உடனே சொன்னதற்கு நன்றி மேடம்.” ஏன் என்று கேட்க வேண்டாம்.

நடுவில் நினைவூட்ட நேர்ந்தால் நன்றியோ மன்னிப்போ வேண்டாம்; மீதமுள்ள பல்கலைக்கழகத்தையும் தேதியையும் மட்டும் எழுதுங்கள்.

3. முழு நன்றி, கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு. விண்ணப்பத் தளத்தில் கடிதம் வந்துவிட்டதாகக் காட்டும். அன்றே எழுதுங்கள், அவர் செய்ததைப் பெயர் சொல்லி: “நான்கு கடிதங்களும் சேர்ந்துவிட்டன மேடம். செமஸ்டர் தேர்வு நேரத்தில் நான்கு தளங்களிலும் தனித்தனியாகப் பதிவேற்றியிருக்கிறீர்கள். மிக்க நன்றி.” “உங்கள் உதவியை என்றும் மறவேன்” என்பதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், இதை இவருக்கு மட்டும்தான் அனுப்ப முடியும்.

4. முடிவைச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இரண்டு வரி எழுதுங்கள். கடிதம் எழுதியவருக்கு அது என்னவாயிற்று என்று தெரிய வேறு வழியில்லை. “வாழ்த்துகள்” என்று பதில் வந்தால், அதற்கு மறுபடி ஒரு நன்றி மெயில் வேண்டாம்.