ஒரே ஒரு ஃபுல் ஆடரை வைத்து நான்கு பிட் கூட்டல்: சீரியல் ஆடர் கட்டும் முறை

நேதாஜி மார்க்கெட் மொத்தக் கடையில் பில் போடுகிறவர் 47-ஐயும் 38-ஐயும் காகிதத்தில் கூட்டுவதைப் பாருங்கள். ஏழும் எட்டும் பதினைந்து, ஐந்தை எழுதுகிறார், ஒன்றைக் கையில் வைத்துக்கொள்கிறார், அடுத்த இலக்கத்துக்குப் போகிறார். எத்தனை இலக்கம் வந்தாலும் கூட்டுகிற தலை ஒன்றுதான். நினைவில் வைக்க வேண்டியதும் கையில் இருக்கும் அந்த ஒன்று மட்டும்தான். சீரியல் ஆடர் செய்வதும் இதையேதான். கூட்டுவதற்கு ஒரு ஃபுல் ஆடர், கையில் இருப்பதை நினைவில் வைக்க ஒரு ஃபிளிப்-ஃபிளாப்.

இதைச் சொல்லிக்கொடுக்கும்போது குடியாத்தத்திலிருந்து வரும் டிப்ளமா மாணவி ஒருத்தி, “சார், 74283 ஒண்ணு வாங்கினா நாலு பிட்டும் ஒரே ஐசியில முடிஞ்சிடுமே, இதுக்கு எதுக்கு அஞ்சு ஐசி?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நான்கு பிட்டுக்கு அவள் சொல்வதுதான் சரி. ஆனால் 32 பிட் வேண்டுமென்றால் அவளுக்கு எட்டு 74283 வேண்டும். நமக்கு எண்களை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்தான் நீளும், கூட்டும் பகுதியில் ஒரு கேட்கூட அதிகமாகாது. எண்களை எங்காவது வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதால் ரெஜிஸ்டர் இரண்டு வழியிலும் உண்டு. மிச்சமாவது கூட்டியில்தான்.

என்னென்ன வேண்டும்

194 ஷிஃப்ட் ரெஜிஸ்டர் இரண்டு, 7474, 7486, 7400 ஆகியவற்றில் ஒவ்வொன்று. ஐந்தையும் எச்சி வகையிலேயே வாங்குங்கள். எல்எஸ் வகையைக் கலந்தால், அதன் ‘ஒன்று’ எச்சி எதிர்பார்க்கும் அளவுக்கு உயராமல் போகலாம், அப்புறம் எங்கே தப்பு என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 194 மட்டும் நம்மூர்க் கடைகளில் எப்போதும் இருக்காது. காட்பாடியில் ரயிலேறிச் சென்னை போகிறவர் யாராவது இருந்தால் ரிச்சி தெருவில் வாங்கிவரச் சொல்லிவிடுங்கள். இவற்றோடு எட்டு விசை கொண்ட டிப் சுவிட்ச், ஒரு இருவழி ஸ்லைடு சுவிட்ச், மூன்று கால் உள்ள ஒரு இருவழிப் புஷ் பட்டன், ஐந்து சிவப்பு எல்இடி, 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், ஒவ்வொரு ஐசிக்கும் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். மின்சாரத்துக்குப் பழைய 5 வோல்ட் போன் சார்ஜர் போதும்.

படி 1: ஃபுல் ஆடர்

ஏ, பி என்று இரண்டு ரெஜிஸ்டர்கள். இரண்டின் 12-ஆம் பின்னிலும் கடைசி பிட், அதாவது மதிப்பில் மிகச் சிறிய பிட், நிற்கும். அவைதான் ஆடருக்குள் போகின்றன. பாடப்புத்தகத்தில் கேரிக்கு ஆண்ட், ஆர் கேட் போட்டிருப்பார்கள். அதற்குப் பதில் மூன்று நாண்ட் கேட் போட்டாலும் அதே விடைதான் வரும், ஒரு ஐசி குறையும்.

கீழே உள்ளதில் புள்ளிக்கு முன்னால் இருப்பது ஐசி, பின்னால் இருப்பது பின் எண்.

```
86.1 <- A.12    86.2 <- B.12
86.4 <- 86.3    86.5 <- 74.5    # 86.6 = sum
00.1 <- A.12    00.2 <- B.12
00.4 <- 86.3    00.5 <- 74.5
00.9 <- 00.3    00.10 <- 00.6   # 00.8 = carry out
```

ரெஜிஸ்டர்களை மாட்டுவதற்கு முன்பே இதைச் சோதித்துவிடுங்கள். இரண்டு 12-ஆம் பின்னும், 7474-இன் 5-ஆம் பின்னும் வர வேண்டிய இடங்களில் வெறும் கம்பியை 5 வோல்ட்டிலோ கிரவுண்டிலோ மாற்றி மாற்றிச் செருகி எட்டு வரிசையையும் பார்த்துவிட்டால் இந்தப் பகுதியைப் பிறகு சந்தேகப்பட வேண்டியதில்லை.

படி 2: ரெஜிஸ்டரும் கேரி ஃபிளிப்-ஃபிளாப்பும்

```
74.2 <- 00.8
A.2  <- 86.6
B.2  <- B.12
A.11, B.11, 74.3 <- clock
```

கூட்டல் விடைக்குத் தனி ரெஜிஸ்டர் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏ ஒவ்வொரு கிளாக்குக்கும் ஒரு பிட்டைக் கீழே தள்ளும்போது மேலே ஓர் இடம் காலியாகிறது, விடை பிட் அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பி-யில் வெளியே வந்த பிட்டை அதன் வாலிலிருந்து தலைக்கே திருப்பிவிடுகிறோம். நான்கு கிளாக் முடிந்ததும் பி பழையபடி இருக்கும்.

டிப் சுவிட்சின் நான்கு விசைகள் ஏ-யின் 3, 4, 5, 6 பின்களுக்கு, மற்ற நான்கு பி-யின் அதே பின்களுக்கு. ஒவ்வொன்றுக்கும் கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். 3-ஆம் பின் பெரிய பிட், 6-ஆம் பின் சிறிய பிட். எல்இடிகள் ஏ-யின் 15, 14, 13, 12 பின்களில் இடமிருந்து வலமாக, ஐந்தாவது 7474-இன் 5-ஆம் பின்னில், எல்லாவற்றுக்கும் 1 கிலோ ஓம் வழியாக.

இரண்டு 194-இலும் 1, 9 பின்கள் 5 வோல்ட்டுக்கு, 7 கிரவுண்டுக்கு. 7474-இன் 4-ஆம் பின் 5 வோல்ட்டுக்கு. 7486-இல் மிஞ்சும் 9, 10, 12, 13 பின்களையும் கிரவுண்டில் கட்டிவிடுங்கள். எச்சி ஐசியில் அந்தரத்தில் தொங்கும் பின் கை பக்கத்தில் வந்தாலே மனம் மாறும்.

படி 3: லோடு சுவிட்ச்

இந்தச் சுற்றில் பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். 194-க்கு 9-ஆம் பின் எப்போதும் ஒன்று. 10-ஆம் பின்னும் ஒன்றானால் டிப் சுவிட்சில் உள்ள எண்ணை ஏற்றிக்கொள்ளும், பூஜ்யமானால் தள்ளும். ஆக ஒரே ஸ்லைடு சுவிட்ச் போதும். ஆனால் ஏற்றுவதும் கிளாக் வந்தால்தான் நடக்கும். அதே கிளாக் கேரி ஃபிளிப்-ஃபிளாப்புக்கும் போகிறது. புது எண் ஏறும் அந்த நொடியில் ஃபிளிப்-ஃபிளாப் பழைய எண்களுக்கு ஆடர் சொன்ன கேரியை வாங்கி வைத்துக்கொள்ளும். அது ஒன்றாக இருந்தால் அடுத்த கூட்டலில் ஒன்று கூடிவிடும்.

இதற்கு 7400-இல் மிஞ்சியிருக்கும் நான்காவது கேட்டே மருந்து:

```
A.10, B.10, 00.12, 00.13 <- load switch
74.1 <- 00.11
```

சுவிட்ச் லோடு பக்கம் இருக்கும்வரை 7474-இன் கிளியர் பின் பூஜ்யத்திலேயே நிற்கும், கிளாக் வந்தாலும் கேரி பூஜ்யம்தான். கூட்டல் பக்கம் தள்ளியதும் விடுதலை. இந்த சுவிட்ச் துள்ளினாலும் கவலையில்லை, கிளாக் வரும்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே கணக்கு.

படி 4: கிளாக் பட்டன்

கிளாக் பட்டன் துள்ளக் கூடாது. ஒரு அழுத்தலுக்கு மூன்று துடிப்பு போனால் மூன்று பிட் நகர்ந்துவிடும். 7474-க்குள் இன்னொரு ஃபிளிப்-ஃபிளாப் சும்மா கிடக்கிறது. 11, 12 பின்களைக் கிரவுண்டில் கட்டுங்கள். 10, 13 பின்களுக்கு 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம் கொடுங்கள். பட்டனின் பொதுக்கால் கிரவுண்டுக்கு, அழுத்தாதபோது தொட்டிருக்கும் கால் 13-க்கு, அழுத்தினால் தொடும் கால் 10-க்கு. 9-ஆம் பின்னில் வருவது சுத்தமான கிளாக். தகடு முதல் தடவை தொட்டதுமே நிலை மாறிவிடும், பிறகு எத்தனை தடவை துள்ளினாலும் மறுபக்கத்தைத் தொடாதவரை அது திரும்பாது.

படி 5: 11 + 6

ஏ-வுக்கு 1011, பி-க்கு 0110 வையுங்கள். லோடு பக்கம் தள்ளி ஒரு முறை அழுத்துங்கள். பிறகு கூட்டல் பக்கம் தள்ளி நான்கு முறை.

```
clk  a b c | s c' |  A     B
 0         |      | 1011  0110
 1   1 0 0 | 1 0  | 1101  0011
 2   1 1 0 | 0 1  | 0110  1001
 3   0 1 1 | 0 1  | 0011  1100
 4   1 0 1 | 0 1  | 0001  0110
```

நான்கு எல்இடியில் 0001, கேரி எல்இடி எரிகிறது. 16-ம் 1-ம் 17. ஐந்தாவது முறை அழுத்திவிடாதீர்கள், விடையே நகர ஆரம்பித்துவிடும்.

விடை தப்பாக வந்தால், எந்தத் தப்பான விடை என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். 1101 வந்தால் கேரி நிற்கவே இல்லை, வெறும் எக்ஸ்ஆர் மட்டும் நடந்திருக்கிறது. கூட்டல் பக்கம் இருக்கும்போது 7474-இன் 1-ஆம் பின்னில் 5 வோல்ட் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். 1100 வந்தால் டிப் சுவிட்சும் எல்இடியும் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கின்றன, பெரிய பிட்டிலிருந்து கூட்டல் ஆரம்பித்திருக்கிறது. முதல் தடவை சரியாக வந்து, அதே எண்களை மறுபடி ஏற்றிக் கூட்டும்போது 0010, கேரி 1 என்று 18 வந்தால், படி 3-இல் சொன்ன பழைய கேரிதான். நான்காவது நாண்ட் கேட்டின் இணைப்பைப் பாருங்கள்.

எவ்வளவு மெதுவானது?

32 பிட் என்றால் 32 மடங்கு மெதுவு என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். அப்படி இல்லை. கணக்குக்காக ஒரு கேட்டுக்கு 10 நானோ வினாடி, ரெஜிஸ்டரில் பிட் வெளியே வர 20, அடுத்த கிளாக்குக்கு முன் பிட் நிலையாக நிற்க 20 என்று வைத்துக்கொள்வோம். நம் சுற்றில் பிட் வெளியே வர 20, கேரி மூன்று கேட்டைத் தாண்ட 30, காத்திருக்க 20, மொத்தம் 70. 32 பிட்டுக்கு 2,240 நானோ வினாடி. 32 ஃபுல் ஆடர்களை வரிசையாக அடுக்கினாலும் கேரி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்துதான் போக வேண்டும். முதல் ஆடரில் 30, மற்ற 31-இல் தலா 20, ஆக 650. அதற்கு 160 கேட். நமக்கு ஐந்து கேட்டும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பும். மூன்றரை மடங்கு நேரத்துக்கு முப்பத்திரண்டில் ஒரு பங்கு கேட் என்பது மோசமான பேரம் இல்லை. கேரியை முன்கூட்டியே கணிக்கும் வேகமான ஆடர்களோடு ஒப்பிட்டால் மட்டும் இடைவெளி நிறையவே அகலும்.

கேம்பிரிட்ஜில் 1949-இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினி இந்த வழியில்தான் கூட்டியது. அதன் நினைவகம் பாதரசக் குழாய்கள், பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வெளியே வரும், எனவே 32 ஆடர் இருந்தாலும் வேலை இருந்திருக்காது. இன்றைக்கும் செர்வ் என்ற சின்ன ரிஸ்க்-ஃபைவ் பிராசசர் ஒரு பிட் ஒரு பிட்டாகக் கணக்கிடுகிறது, இடம் மிச்சம் பிடிக்க.

மிஞ்சிய கேட்டில் கழித்தல்

7486-இல் இரண்டு கேட் சும்மா இருக்கின்றன. 9, 10 பின்களைக் கிரவுண்டிலிருந்து எடுத்து, பி-யின் 12-ஆம் பின்னை 9-க்கும், 5 வோல்ட்டை 10-க்கும் கொடுங்கள். இதுவரை ஆடருக்கு நேராகப் போன பி பிட்டுக்குப் பதில் 8-ஆம் பின்னில் வருவதை அனுப்புங்கள். பி-யின் தலைக்குத் திரும்பும் கம்பியைத் தொட வேண்டாம். இப்போது கேரி பூஜ்யத்துக்குப் பதில் ஒன்றில் தொடங்க வேண்டும். அதற்கு 7474-இன் 4-ஆம் பின்னை 5 வோல்ட்டிலிருந்து எடுத்துவிட்டு, 7400-இன் 11-ஆம் பின்னை 7474-இன் 1-இலிருந்து எடுத்து 4-இல் மாட்டி, 1-ஐ 5 வோல்ட்டில் கட்டினால் போதும். 11-இலிருந்து 6 போனால் ஏ-யில் 0101 நிற்கும், கேரி எல்இடி எரியும். கழித்தலில் அது எரிந்தால் கடன் வாங்கவில்லை என்று பொருள். 6-இலிருந்து 11-ஐக் கழித்துப் பாருங்கள், கேரி அணைந்து 1011 வரும், அதாவது இரண்டின் நிரப்பியில் எழுதிய மைனஸ் 5.