டம்ளரில் வேர் விட்ட துளசி தொட்டியில் ஏன் வாடியது?

புதினாத் தண்டுக்குப் பிரச்சினையே இல்லை. டம்ளர் தண்ணீரில் ஒரு வாரத்தில் வெள்ளை வேர் விட்டுவிடும். துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் கொஞ்சம் மெதுவு. பூங்கதிர் வராத இளந்தண்டாகப் பார்த்து, தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு வைத்தேன். வேர் நன்றாக நீளட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்து நட்டதுதான் தப்பு. மறுநாளே துளசி தலை தொங்கிவிட்டது. தண்ணீரில் வளர்ந்த மெல்லிய வேர், மண்ணுக்குப் பழக நாளாகும். நீளமானால் நடும்போதே ஒடியும்.

அடுத்த முறை வேர் இரண்டு விரற்கடை வந்ததுமே, தென்னை நார்க்கழிவு கலந்த ஈர மண்ணில் குழி பறித்து, அழுத்தாமல் நட்டேன். ஐந்து நாள் நிழல், மண் காயவே விடவில்லை. அப்புறம் காலை வெயில் மட்டும். பத்தாம் நாள் தண்டை லேசாக இழுத்தேன், அசையவில்லை. நுனியில் புதுத் துளிர்.